பில் பணம், செலவுப் பணம், சேமிப்புப் பணம்: எத்தனை கணக்கு வைத்தால் சரிவரும்?

சம்பளம் வரும் கணக்கிலிருந்தே வாடகையும் போகிறது, தவணையும் போகிறது, கைச்செலவும் போகிறது. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் அது சேமிப்பு. பெரும்பாலானவர்கள் பணத்தை நடத்துவது இப்படித்தான். இதில் சிக்கல் சிக்கனம் போதாதது அல்ல. பேலன்ஸ் என்று திரையில் தெரியும் அந்த ஒரே எண், நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நாம் கேட்பது "இன்று எவ்வளவு செலவு செய்யலாம்?" என்று. அது சொல்வது "இன்னும் எவ்வளவு வெளியே போகவில்லை" என்பதை மட்டும்.

இதற்குத் தீர்வாகப் பணத்தைப் பிரித்து வைப்பது பற்றிப் பேசும்போது, சேமிப்பைத் தனியே எடுத்து வைக்கும் யோசனைதான் முதலில் வரும். என் கருத்து வேறு. முதலில் பிரிக்க வேண்டியது பில்லுக்கான பணத்தையும் கைச்செலவுக்கான பணத்தையும். அது பிரியாமல் சேமிப்பை மட்டும் பிரித்தால் சேமிப்பு நிற்காது. ஏன் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தே சொல்கிறேன். எண்களுக்கு முன்னால் எந்த நாணயத்தை வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்துக்கு மாத வருமானம் 40,000. மாதாமாதம் தவறாமல் போவது வாடகை 12,000, கடன் தவணை 4,000, போனும் இணையமும் சேர்த்து 1,500. ஆக மொத்தம் 17,500. இது எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். தெரியாமல் போவது இதற்கு வெளியே இருப்பவை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,400. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 12,000. வண்டிக் காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை 9,600. இவை மூன்றையும் ஓர் ஆண்டுக்குக் கூட்டினால் 48,000. அதாவது மாதத்துக்கு 4,000. எந்த மாதத்திலும் சரியாக 4,000 என்று ஒரு பில் வருவதில்லை. ஆனால் எல்லா மாதமும் அந்த 4,000 கடனாக ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஒரே கணக்கில் வைத்தால்

ஒரே கணக்கு வைத்திருப்பவருக்கு, பெரிய பில் எதுவும் வராத மாதங்கள் நல்ல மாதங்களாகத் தெரியும். அந்த மாதத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டிய 4,000 பேலன்ஸில்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடையது என்று எழுதி ஒட்டியில்லை. அதனால் அது செலவாகிவிடும். பிறகு பள்ளிக் கட்டணம் வரும்போது, "இந்த மாதம் எதிர்பாராத செலவு வந்துவிட்டது" என்று சொல்வோம். ஆண்டுக்கு இரண்டு முறை, முன்கூட்டியே தேதி தெரிந்து வரும் செலவு எப்படி எதிர்பாராததாகும்?

ஒரே கணக்கே போதும் என்று சொல்லத்தக்கவர்களும் இருக்கிறார்கள். கணக்கில் எப்போதும் இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணம் கீழே இறங்காமல் நிற்கிறது, அதைத் தொடுவதில்லை என்றால், பிரிப்பதால் அவருக்குப் பெரிய லாபம் இல்லை. பள்ளிக் கட்டணம் போனாலும் கணக்கு ஆடாது. பில்கள் எல்லாம் மாதாமாதம் ஒரே தொகையாக, சம்பளம் வந்த இரண்டாம் நாளே போய்விடுகிறது என்பவருக்கும் அப்படித்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவர் பார்க்கும் பேலன்ஸ் உண்மையிலேயே செலவுப் பணம்தான்.

ஒரே கணக்கு, கூடவே நோட்டு

பணம் ஒரே இடத்தில் இருக்கட்டும், பிரிவினையை நோட்டிலோ எக்செல் தாளிலோ ஒரு ஆப்பிலோ வைத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த வழி. வசதிகள் நிறைய. மினிமம் பேலன்ஸ் ஒரே இடத்தில் காத்தால் போதும். பணத்தை அங்கும் இங்கும் மாற்றும் வேலை இல்லை. பில், செலவு, சேமிப்பு என்று மூன்றோடு நிற்காமல், பள்ளிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று எத்தனை தலைப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இதன் பலவீனங்கள் இரண்டு. இரண்டும் பெரியவை. நோட்டு எழுதப்படும்வரைதான் அது உண்மை. நான்கு நாள் எழுதாமல் விட்டால் நோட்டும் வங்கியும் வேறு வேறு எண் சொல்லும். அப்புறம் நாம் வங்கி சொல்வதைத்தான் நம்புவோம், அதாவது மறுபடி ஒரே பேலன்ஸுக்கே போய்விடுவோம். இன்னொன்று, கடையில் கார்டை நீட்டும்போது நோட்டு தடுக்காது. பில்லுக்கென்று நோட்டில் ஒதுக்கிய பணத்தையும் கார்டு தாராளமாகக் கொடுத்துவிடும்.

தனித்தனியாகப் பிரித்து வைத்த பணத்தை மனிதர்கள் வேறு மாதிரி நடத்துகிறார்கள் என்பது ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம். 2017-இல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்ற கருத்தாக விரித்தவர். திலிப் சோமனும் அமர் சீமாவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கூலித் தொழிலாளர்களின் சேமிப்புத் தொகையை ஒரு கவரில் வைப்பதற்குப் பதில் இரண்டு கவர்களாகப் பிரித்து வைத்தபோது அதிகம் மிச்சமானது. தொகை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது கவரைப் பிரிக்க இன்னொரு முறை மனத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. தனிக் கணக்கு செய்வதும் அதையே. நோட்டில் போடும் கோடு அந்த வேலையைச் செய்வதில்லை.

எனவே, தினமும் எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருப்பவர் நோட்டோடு இருக்கலாம். இனிமேல்தான் பழக வேண்டும் என்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு கணக்கு: எதை எதிலிருந்து பிரிப்பது?

இங்கேதான் பலர் தவறான கோட்டைப் போடுகிறார்கள். பில்லும் செலவும் ஒரு கணக்கில், சேமிப்பு இன்னொன்றில் என்று வைக்கிறார்கள். நம் குடும்பம் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? மாதம் 17,500 பில், 14,000 கைச்செலவு, மிச்சம் 8,500. அதைச் சேமிப்புக்கு அனுப்புகிறார்கள். பெருமையாக இருக்கும். ஆனால் மின்கட்டணமும் பள்ளியும் காப்பீடும் வரும்போதெல்லாம் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். ஆண்டில் 1,02,000 உள்ளே போய், 48,000 வெளியே வந்திருக்கும். சேமிப்பிலிருந்து எடுப்பது வழக்கமாகிவிட்ட பிறகு, பில்லுக்காக எடுத்தது எது, ஆசைக்காக எடுத்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சேமிப்பு நிற்காது என்று மேலே சொன்னது இதைத்தான்.

மாறாக, பில் ஒரு கணக்கில், மற்றதெல்லாம் இன்னொன்றில் என்று பிரித்தால், அந்த 48,000-உம் பில் கணக்குக்குள்ளேயே முடிந்துவிடும். சேமிப்பிலிருந்து எடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும். இரண்டே கணக்குதான் முடியும் என்றால் கோடு இங்கேதான்.

பில் கணக்குக்கு மாதம் எவ்வளவு? ஓராண்டுக்கான வங்கி விவரத்தை எடுத்து, தேதியும் தொகையும் முன்கூட்டித் தெரிந்த ஒவ்வொன்றையும் எழுதிக் கூட்டி 12-ஆல் வகுக்க வேண்டும். நம் குடும்பத்துக்கு ஆண்டு மொத்தம் 2,58,000. மாதத்துக்கு 21,500. மூன்று மாத விவரத்தை மட்டும் பார்த்துப் போட்டால் காப்பீடு நிச்சயம் விட்டுப்போகும். ஓராண்டு கட்டாயம் வேண்டும்.

சரி, மாதம் 21,500 போட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இந்த ஏற்பாட்டை ஆர்வமாகத் தொடங்கி மூன்றாம் மாதத்திலேயே கைவிடுபவர்கள் விழும் இடம் இதுதான். மாத பில் 17,500 போனபின் மிஞ்சும் 4,000-ஐ மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் கணக்கில் ஒன்றுமில்லை. மின்கட்டணம் இரட்டைப்படை மாதங்களில், பள்ளிக் கட்டணம் 3-லும் 9-லும், காப்பீடு 5-இல்.

| மாதம் | கூடுதல் பில் | மாத முடிவில் இருப்பு |
|---|---|---|
| 1 | இல்லை | 4,000 |
| 2 | 2,400 | 5,600 |
| 3 | 12,000 | −2,400 |
| 4 | 2,400 | −800 |
| 5 | 9,600 | −6,400 |
| 6 | 2,400 | −4,800 |
| 7 | இல்லை | −800 |
| 8 | 2,400 | 800 |
| 9 | 12,000 | −7,200 |
| 10 | 2,400 | −5,600 |
| 11 | இல்லை | −1,600 |
| 12 | 2,400 | 0 |

ஆண்டு முடிவில் கணக்கு நேராகிறது. சராசரி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் எட்டு மாதங்களில் பணம் போதவில்லை. நிஜ வாழ்க்கையில் 3-ஆம் மாதமே ஆட்டோ டெபிட் திரும்பும், அபராதம் விழும், "இந்த முறை நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். முறையில் குறையில்லை. தொடக்க இருப்பு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொடக்க இருப்பு எவ்வளவு என்பதையும் அட்டவணையே சொல்கிறது. இருப்பு எந்த மாதத்தில் அடிமட்டத்துக்குப் போகிறதோ அந்தத் தொகை. இங்கே 9-ஆம் மாதத்தில் 7,200. முதல் நாளே 7,200 போட்டுத் தொடங்கினால், 9-ஆம் மாதம் சரியாகப் பூஜ்யத்தைத் தொட்டு மேலே வரும்.

கையில் 7,200 இல்லையென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 21,500-க்குப் பதில் 22,800 போடுவது. கூடுதல் 1,300 வீதம் 3-ஆம் மாதத்துக்குள் 3,900 சேரும், தேவை 2,400. ஐந்தாம் மாதத்துக்குள் 6,500 சேரும், தேவை 6,400. ஆறாம் மாதம் 7,800 ஆகிவிடும், 9-ஆம் மாதப் பள்ளத்துக்குப் போதும். 7,200-ஐ ஒன்பதால் வகுத்து மாதம் 800 கூடுதலாகப் போட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. ஐந்தாம் மாதம் இடிக்கும். ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியே பார்த்து, அந்தத் தொகையை அதுவரையான மாதங்களால் வகுத்து, வரும் விடைகளில் பெரியதை எடுக்க வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளம் கழிந்த மாதத்தில் தொடங்குவது. நம் குடும்பம் 9-ஆம் மாதப் பள்ளிக் கட்டணத்தைப் பழைய வழக்கப்படியே எப்படியோ கட்டிவிட்டு, 10-ஆம் மாதத்திலிருந்து பில் கணக்கைத் தொடங்கினால், தொடக்க இருப்பே தேவையில்லை. இருப்பு 1,600, 5,600, 7,200, 11,200, 12,800 என்று ஏறி, 3-ஆம் மாதம் 12,000 கட்டியபின்னும் 4,800 நிற்கும். காப்பீடு கட்டும் மாதம் 800 வரை இறங்கும். அடுத்த ஆண்டின் 9-ஆம் மாதம் பூஜ்யத்தைத் தொடும். ஒருமுறைகூடக் கீழே போகாது. ஆண்டின் முதல் மாதத்தில்தான் எதையும் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பூஜ்யத்தைத் தொடுவது காகிதத்தில் நன்றாக இருக்கும். கட்டணங்கள் ஏறும், மின்கட்டணம் ஒரு மாதம் கூடும். அதனால் மாதப் பில்லில் பத்தில் ஒரு பங்காவது அடியில் தூங்கட்டும். மினிமம் பேலன்ஸ் வைக்கச் சொல்லும் வங்கியென்றால் அது தனி.

சம்பளம் எந்தக் கணக்கில் விழ வேண்டும்?

கணக்குகள் எத்தனை என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்று நினைக்கிறேன். சம்பளம் செலவுக் கணக்கில் விழுந்து, அங்கிருந்து பில் கணக்குக்கு 21,500 அனுப்பும் ஏற்பாடுதான் பழக்கத்தில் எளிது. கார்டும் ஆப்பும் ஏற்கெனவே அந்தக் கணக்கோடு இருப்பதால் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் அனுப்புவது ஒரு நாள் தவறினால், அல்லது சம்பளம் தாமதமாகி ஆட்டோ டிரான்ஸ்ஃபர் பேலன்ஸ் இல்லாமல் தோற்றுப்போனால், பில் கணக்கு காலியாக நிற்கும். செலவுக் கணக்கிலோ திடீரென்று கொழுத்த பேலன்ஸ் தெரியும்.

சம்பளம் பில் கணக்கில் விழுந்தால் தவறு நடந்தாலும் சேதம் சிறியது. பில் பணம் வந்த இடத்திலேயே இருக்கிறது. வெளியே அனுப்ப வேண்டியது செலவுக்கான 14,000-உம் சேமிப்புக்கான 4,500-உம். அது ஒரு நாள் தவறினால் கையில் செலவுக்குக் குறையும். உடனே நமக்குத் தெரிந்துவிடும், அனுப்பிவிடுவோம். ஆட்டோ டெபிட் திரும்பாது. பில் கணக்குக்கு டெபிட் கார்டே வாங்காமல் இருப்பது, வாங்கியிருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுவது, போனில் பணம் அனுப்பும் ஆப்போடு அதை இணைக்காமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இது முழுமையாகும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். வருவதெல்லாம் பில் கணக்கில் விழட்டும். செலவுக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் ஒரே தொகைதான் போகும், வருமானம் குறைந்த ஒரு மாதத்தில்கூடத் தாங்கக்கூடிய தொகை. நல்ல மாதத்தின் மிச்சம் அங்கேயே தங்கி மோசமான மாதத்துக்கு ஈடுகொடுக்கும். ஆனால் இவர்களுக்குத் தொடக்க இருப்பு பெரிதாக வேண்டும். அட்டவணையில் மாதம் 4,000 என்று ஒரே சீராகப் போட்ட இடத்தில், போன ஆண்டு உண்மையில் வந்த வருமானத்திலிருந்து மாதப் பில்லையும் செலவுத் தொகையையும் கழித்து எழுதினால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

தேதிகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சம்பளம் மாதக் கடைசி நாள், தவணை 1-ஆம் தேதி என்றிருந்தால் ஒரு விடுமுறை நாள் போதும், முறை குலைந்துவிடும். பில் தேதிகளைச் சம்பளத்துக்கு மூன்று நான்கு நாள் பின்னால் தள்ளக் கேட்டுப் பார்க்கலாம். முடியாததற்கு அடியில் தூங்கும் பணம் இருக்கிறது.

செலவுக் கணக்கு

இந்தக் கணக்கின் அழகே, இதற்குக் கணக்கு எழுத வேண்டாம் என்பதுதான். பேலன்ஸ் எவ்வளவோ அவ்வளவு செலவு செய்யலாம், முடிந்தால் முடிந்தது. நோட்டு முறையோடு ஒப்பிட்டால் இங்கே மிச்சமாகும் உழைப்பு அதிகம்.

மாதத்துக்கு 14,000-ஐ மொத்தமாக அனுப்பினால் முதல் பத்து நாளில் கை தாராளமாகவும் கடைசி பத்து நாளில் இறுக்கமாகவும் போகும். வாரா வாரம் அனுப்பினால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். இங்கே ஒரு கணக்குப் பிசகு அடிக்கடி நடக்கிறது. மாதத்துக்கு நான்கு வாரம்தானே என்று 14,000-ஐ நான்கால் வகுத்து 3,500 அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 52 வாரம். அப்படியென்றால் 1,82,000 போகும். ஒதுக்கியதோ 1,68,000. ஒரு முழு மாதச் செலவு அதிகம்! ஆண்டுத் தொகையை 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 3,230 சொச்சம். 3,200 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் உடைப்பது கிரெடிட் கார்டு. 20-ஆம் தேதி கார்டில் 3,000-க்கு ஏதோ வாங்குகிறோம். செலவுக் கணக்கின் பேலன்ஸ் குறையவில்லை. அந்தப் பணத்தை மறுபடி வேறொன்றுக்குச் செலவு செய்வோம். அடுத்த மாதம் கார்டு பில் வரும்போது அதுவும் பில்தானே என்று பில் கணக்கிலிருந்து போகும். அங்கே இருந்தது பள்ளிக் கட்டணத்தின் ஒரு பகுதி. பில் கணக்கின் இருப்பு அட்டவணை சொல்வதைவிடக் குறைவாக இருக்கிறது, ஆனால் எந்தப் பில்லும் கூடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வழி எளிது. கார்டு பில் செலவுக் கணக்கிலிருந்து மட்டுமே போக வேண்டும். தேதி வரும்வரை காத்திருக்காமல், அடுத்த வாரப் பணம் விழுவதற்கு முன்னால் அந்த வாரம் கார்டில் வாங்கியதைக் கட்டிவிட வேண்டும். அப்போது பேலன்ஸ் மறுபடி உண்மையைச் சொல்லும். வாரா வாரம் கட்டப் பொறுமை இல்லை என்பவர், இந்த முறை பழகும்வரை கிரெடிட் கார்டை விட்டு டெபிட் கார்டில் வாங்குவது நல்லது.

மூன்றாவது கணக்கு எப்போது?

பில்லும் செலவும் பிரிந்து, பில் கணக்கு ஒரு பள்ளத்தைத் தாண்டி வந்த பிறகு சேமிப்புக்குத் தனிக் கணக்கு உண்மையான பயன் தரும். இப்போது அதிலிருந்து எடுக்கக் காரணங்கள் குறைந்துவிட்டன. தேதி தெரிந்த செலவெல்லாம் பில் கணக்கில் இருக்கிறது. தேதி தெரியாதவை, அதாவது வண்டி ரிப்பேர், மருத்துவம், வேலை போவது போன்றவைதான் சேமிப்பின் பொறுப்பு.

சேமிப்புப் பணம் அதே வங்கியில் இருக்க வேண்டுமா, வேறு வங்கியிலா என்பதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அதே வங்கியென்றால் மாற்றுவது நொடியில் முடியும், அவசரத்துக்கு உதவும். நொடியில் முடிவதே ஆபத்தும்கூட. செலவுக் கணக்கு காலியானதும் அதே திரையில் கண்ணுக்கெதிரே இருக்கும். அதோடு, வங்கியின் ஆப்போ சர்வரோ ஒரு நாள் முடங்கினால் எல்லாப் பணமும் சேர்ந்து முடங்கும். அதே வங்கியில் கடன் இருந்து தவணை தவறினால், பல இடங்களில் வங்கிக்கு அங்கேயே இருக்கும் நம்முடைய இன்னொரு கணக்கிலிருந்து ஈடுசெய்துகொள்ள உரிமை உண்டு. பில்லும் செலவும் ஒரே வங்கியில், சேமிப்பு வேறு வங்கியில் என்பதே என் தேர்வு. பில்லுக்கும் செலவுக்கும் நடுவே வேகம் வேண்டும். சேமிப்புக்கு வேகம் வேண்டாம்.

மூன்றாவது கணக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் இருப்பை மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பிலிருந்து திரும்பி வந்த பணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் திரும்பி வந்தால், 14,000 என்ற செலவுத் தொகை உண்மைக்குப் புறம்பானது. அதை 15,000 ஆக்கி, சேமிப்பை 3,500 ஆகக் குறைப்பதே நேர்மை. சேமிப்பாக எழுதி வைத்து மாதா மாதம் திரும்ப எடுப்பதில் பயனில்லை. மாறாக, ஆண்டில் ஓரிரு முறை பெரிய தொகையாகத் திரும்பி வந்தால், ஏதோ ஒரு பில் உங்கள் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பில் கணக்கில் சேர்த்து மறுபடி 12-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கிரெடிட் கார்டு பாக்கியோ அதிக வட்டிக் கடனோ இருக்கும்போது சேமிப்புக் கணக்கை நிரப்புவது நஷ்டம். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கார்டு வசூலிக்கும் வட்டி எங்கோ மேலே இருக்கும். ஒரு சின்ன அவசரத் தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டு, சேமிப்புக்கான 4,500-ஐ அந்தப் பாக்கிக்கே திருப்பிவிட வேண்டும். பில் கணக்கையும் செலவுக் கணக்கையும் அப்போதும் பிரித்தே வைக்கலாம். புதுக் கடன் ஏறாமல் காப்பது அந்தப் பிரிவுதான்.

அதற்கும் மேலே, அதற்கும் கீழே

நான்கு, ஐந்து, ஆறு கணக்குகள் வைத்திருப்பவர்கள் உண்டு. பயணத்துக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று. வங்கி ஒரே கணக்குக்குள் சின்னச் சின்ன ஒதுக்கீடுகள் வைத்துக்கொள்ள விட்டால் அது நல்லது. தனித்தனிக் கணக்காக என்றால் மூன்றுக்கு மேல் போவதை நான் விரும்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் தூங்கும் பணம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் இருக்கலாம். ஒரு கணக்கில் பணம் சும்மா கிடக்கும்போது இன்னொன்றில் டெபிட் திரும்பும்.

கீழ்ப்பக்கம் இதைவிட முக்கியம். வருமானம் வந்து பில் கட்டியபின் அநேகமாக ஒன்றும் மிஞ்சாத நிலையில் இருப்பவருக்குக் கணக்கைப் பிரிப்பது உதவி செய்யாது, கெடுதல் செய்யலாம். இருக்கிற கொஞ்சத்தையும் மூன்றாகப் பிரித்தால் எந்தக் கணக்கிலும் ஒரு பில்லுக்குப் போதுமான பணம் இருக்காது, அபராதம்தான் மிஞ்சும். அவருக்கு ஒரே கணக்கும், பில் தேதிகள் வரிசையாக எழுதிய ஒரு தாளும் போதும். சம்பள நாளுக்கும் அடுத்த சம்பள நாளுக்கும் நடுவே என்னென்ன போகும் என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்ய வேண்டும். மேலே போட்ட 12 மாத அட்டவணையை அவரும் போடலாம். பள்ளம் எந்த மாதத்தில் வருகிறது என்று முன்பே தெரிந்தால், பள்ளிக் கட்டணத்தைத் தவணையாக்கக் கேட்க நேரம் கிடைக்கும்.

இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் பில் கணக்கு மட்டும் கூட்டுக் கணக்காகவும், செலவுக் கணக்கு ஆளுக்கொன்றாகவும் இருப்பது சண்டையைக் குறைக்கும். பில்லுக்குச் சரிபாதி என்பதைவிட வருமான விகிதப்படி போடுவது நியாயம். ஒருவர் 25,000, மற்றவர் 15,000 சம்பாதித்தால், 21,500-இல் முதலாமவர் பங்கு 13,430 சொச்சம், மற்றவர் பங்கு 8,060 சொச்சம்.

மாறுவது என்று முடிவு செய்தால், புதுக் கணக்கைத் திறந்து சம்பளத்தை அங்கே திருப்புவதற்கு முன்னால், ஆட்டோ டெபிட்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றி, அது ஒருமுறை சரியாகப் போனதைப் பார்த்தபின் அடுத்தது. பழைய கணக்கை ஓராண்டு முழுதும் மூடாமல், அதில் சிறு தொகை விட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் ஏதாவது சந்தா அல்லது காப்பீடு அங்கேதான் வந்து தட்டும். அது தட்டும் நாளில் அதன் பெயரையும் தொகையையும் பில் பட்டியலில் சேர்த்து, மாதத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம்.